பெட்டி 3 பாகையிலை போய்ச் சேர்ந்தும் இரத்தச் சாம்பிள் பழுதாப் போச்சு. ஏன்?

வடமராட்சி எம்.எல்.டி. | 04.03.2025, இரவு 8.12

நேர விசயத்துக்கு வாறன். சின்னமுத்து எண்டு சந்தேகப்பட்ட பிள்ளையளின்ரை இரத்தம் கொழும்பு எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினது. ரியூப், அதுக்கு மேலை மூடி திருகிற பிளாஸ்டிக் போத்தல், அதுக்கு மேலை றிஜிபோம் பெட்டி, வெளியிலை காட்போட் பெட்டி. பெட்டிக்குள்ளை ஐஸ் பக். இரவு பஸ்ஸிலை வெளிக்கிட்டு விடியப் போய்ச் சேர்ந்திட்டுது. அங்கை திறக்கேக்கை தெர்மோமீற்றர் 3 பாகை காட்டியிருக்கு. ஒண்டும் உடையேல்லை, ஒண்டும் ஒழுகேல்லை. ஆனால் "சிவப்பணு உடைஞ்சு போச்சு, திரும்ப எடுத்து அனுப்புங்கோ" எண்டு தகவல் வந்திருக்கு.

2 இலிருந்து 8 பாகைக்குள்ளை வை எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். 3 எண்டால் அதுக்குள்ளைதான். பிறகு என்ன பிழை? நான் இந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான், பெட்டி கட்டுறது இஞ்சை முந்தியே இருந்த முறை.

சுன்னாகம் பார்சல் | 04.03.2025, இரவு 8.40

பஸ் குலுங்கினதிலைதான். முறிகண்டி தாண்டினால் ரைவர்மார் பறக்கிறவை. நான் கோழிமுட்டை அனுப்பிப் பட்டிருக்கிறன்.

நாச்சிமார் கோயிலடி | 04.03.2025, இரவு 8.47

எம்.ஆர்.ஐ. எடுக்க ஏன் கொழும்புக்கு அனுப்புறியள்? யாழ்ப்பாணத்திலையே தனியாரிட்டை ஸ்கான் இருக்கே.

வடமராட்சி எம்.எல்.டி. | 04.03.2025, இரவு 8.51

ஐயா, அது ஸ்கான் இல்லை. பொரளையிலை இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்.

பழைய ஆய்வுகூடம் | 04.03.2025, இரவு 10.05

தங்கச்சி, நாலு கேள்வி. இரத்தத்தை அப்பிடியே அனுப்பினதோ, இரத்தம் கட்டியான பிறகு மேலை தெளியிற சீரத்தை மட்டும் பிரிச்சு அனுப்பினதோ? ஐஸ் பக் பிறீசரிலை இருந்து எடுத்த கையோடை வைச்சதோ? தெர்மோமீற்றர் பெட்டிக்குள்ளை எந்த இடத்திலை இருந்தது? பழுதானது எல்லா ரியூபுமோ, சிலதோ?

குலுக்கலும் ஒரு காரணம்தான், அதை மறுக்கேல்லை. ஆனால் குலுக்கல் எண்டால் எல்லா ரியூபும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

வடமராட்சி எம்.எல்.டி. | 05.03.2025, காலை 7.30

விசாரிச்சுப் போட்டு வாறன். இரத்தம் அப்பிடியேதான் போனது, சீரம் பிரிக்க ரியூபைச் சுத்திற சென்ரிஃபியூஜ் அண்டைக்குப் பழுது. ஐஸ் பக் பிறீசரிலை இருந்து நேர பெட்டிக்குள்ளை. தெர்மோமீற்றர் மூடிக்குக் கீழை ரேப் போட்டு ஒட்டினது. பழுதானது சிலதுதான். போத்தலின்ரை ஒரு பக்கத்திலை இருந்த ரியூபுகள். நடுவிலை இருந்த ஒண்டு நல்லா இருந்ததாம்.

பழைய ஆய்வுகூடம் | 05.03.2025, மதியம் 12.20

அப்ப உங்கடை கேள்விக்கு மறுமொழி உங்கடை பதிலிலையே கிடக்கு. இரத்தம் குளிரிலை ஐஸா உறைஞ்சிருக்கு.

பிறீசர் ஓடுறது மைனஸ் 18, 20 பாகையிலை. அதிலை இருந்து எடுத்த பக் அந்தக் குளிரோடைதான் பெட்டிக்குள்ளை வருது. உள்ளை இருக்கிற ஐஸ் உருகத் தொடங்கினால்தான் அது 0 பாகைக்கு வந்து அங்கை நிக்கும். அதுவரைக்கும் தன்னிலை முட்டுற எதையும் 0 க்குக் கீழை இழுக்கும். இரத்தம் உறைய மைனஸ் அரைப் பாகையளவு காணும். உறைஞ்சால் சிவப்பணு வெடிக்கும், உள்ளை இருக்கிறது சீரத்திலை கலக்கும். பிறகு விடிய பஸ் கொழும்புக்குப் போகேக்கை பக் இளகி, பெட்டி முழுக்க 3 பாகையாகி, எல்லாம் ஒழுங்கு மாதிரித் தெரியும். தெர்மோமீற்றர் பொய் சொல்லேல்லை. திறந்த நேரத்திலை மூடிக்குக் கீழை என்ன குளிர் எண்டதை மட்டும் சொன்னது. இரவு போத்தலின்ரை பக்கச் சுவரிலை என்ன நடந்ததெண்டு அதுக்குத் தெரியாது.

இரத்தம் எடுக்கேக்கையே பழுதாப் போயிருக்கவும் இடமிருக்கு. மெல்லிய ஊசி, சிறிஞ்சாலை பலமா இழுக்கிறது, பிள்ளை துள்ளுறது. அதைக் கண்டுபிடிக்கிற வழி, அதே பிள்ளையின்ரை வேறை ரியூப் உங்கடை ஆய்வுகூடத்திலை இருந்தால் அதைப் பாக்கிறது. அதின்ரை சீரம் வைக்கோல் நிறத்திலை இருந்தால் எடுத்ததிலை பிழை இல்லை, வழியிலைதான் பிழை.

தடுப்பூசி நேர்ஸ் | 05.03.2025, பிற்பகல் 2.02

இது தடுப்பூசிக்கு நாங்கள் தினம் செய்யிற வேலை. பக்கை பிறீசரிலை இருந்து எடுத்து மேசையிலை வைச்சுப் போட்டு, கையிலை எடுத்துக் குலுக்கிப் பாக்கிறது. உள்ளை தண்ணி சளசளக்கிற சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள்ளை வைக்கலாம். குலுக்கிப் பாத்தால் சாம்பிள் உறைஞ்சதோ எண்டும் தெரியும், அடியிலை மண்டி கெதியா இறங்கும். தடுப்பூசி காவுற பெட்டியையே இதுக்கும் எடுக்கலாம், நல்ல பெட்டி.

பழைய ஆய்வுகூடம் | 05.03.2025, பிற்பகல் 4.45

பிள்ளை சொன்னதிலை முதல் பாதி தங்கம். இரண்டாம் பாதி வேண்டாம்.

மண்டி இறங்கிறதைப் பாக்கிற சோதனை, முக்கூட்டு மாதிரி அலுமினிய உப்புச் சேர்ந்த தடுப்பூசிக்கு. இரத்தத்தைக் குலுக்கிப் பாத்தால் நல்லா இருக்கிற சிவப்பணுவையும் உடைச்சுப் போடுவியள். இரத்தத்திலை பாக்கிறது நிறத்தை மட்டும்தான்.

தடுப்பூசிப் பெட்டியை தயவு செய்து தொடாதேங்கோ. நோய்ச் சாம்பிள் போன பெட்டியிலை அடுத்த நாள் பிள்ளையளின்ரை மருந்து போகக் கூடாது. சாம்பிளுக்கு வேறை பெட்டி, வேறை நிறத்திலை ரேப் சுத்தி, அறையின்ரை மற்ற மூலையிலை வையுங்கோ.

தடுப்பூசி நேர்ஸ் | 05.03.2025, மாலை 5.10

சரி டொக்டர்.

பழைய ஆய்வுகூடம் | 05.03.2025, மாலை 5.14

டொக்டர் இல்லை. ஓய்வுபெற்ற எம்.எல்.டி.

வடமராட்சி எம்.எல்.டி. | 07.03.2025, இரவு 9.30

கேட்டதை நம்பாமல் செய்து பாத்தன். ரியூபுகளுக்குள்ளை தண்ணியோடை சிவப்பு மை விட்டு, அதே போத்தல், அதே பெட்டி, பிறீசரிலை இருந்து நேர எடுத்த பக். பெட்டியை ஆய்வுகூட மேசையிலை வைச்சு இரவிரவா விட்டன். எங்களிட்டை வெப்பநிலை தானாப் பதியிற சின்னக் கருவி ஒண்டு தூங்கிக் கிடந்தது, அதை போத்தலுக்கும் பக்குக்கும் இடையிலை செருகினன். பழைய தெர்மோமீற்றரை பழைய இடத்திலையே மூடிக்குக் கீழை ஒட்டினன்.

இடையிலை ஒருக்கா திறந்து பாக்க, பக்கோடை ஒட்டி இருந்த ரியூபிலை மை ஒரு பக்கமா ஒதுங்கி, மற்றப் பக்கம் வெள்ளைத் தகடு. விரலாலை தட்டினால் "டக்" எண்டுது. நடுவிலை இருந்த ரியூப் தண்ணியா ஆடுது. பதிஞ்சதை விடியக் கணினியிலை போட்டுப் பாத்தால் இரவு கனநேரம் 0 க்குக் கீழை. காலமை மூடித் தெர்மோமீற்றர் 4. ரியூபெல்லாம் திரும்பத் தண்ணி. பாக்கிற ஆளுக்கு ஒண்டும் தெரியாது.

அடுத்த நாள் பக்கை மேசையிலை வைச்சு சத்தம் கேக்கும்வரை பாத்துக்கொண்டு நிண்டன். இஞ்சத்தைய வெக்கைக்கும் அரை மணித்தியாலம் காணாது. பிறகு போத்தலைச் சுத்தி காட்போட் மட்டை ஒரு சுத்து, அதுக்கு வெளியிலை பக். ஒண்டும் உறையேல்லை.

ஒரு சந்தேகம். எங்களிட்டை இருக்கிறதிலை பாதி நீல நிற ஜெல் பக். அதிலை சளசள சத்தமே வராது.

பழைய ஆய்வுகூடம் | 08.03.2025, காலை 6.15

உந்தச் சோதனையை ஒவ்வொரு ஆய்வுகூடமும் ஒருக்காவது செய்ய வேணும். மை விட்ட யோசனை எனக்கு வரேல்லை.

ஜெல் பக்கிலை இரண்டு வகை. ஒண்டு தண்ணிக்குக் கிட்ட 0 இலை இளகும், மற்றது உப்போ வேறை மருந்தோ சேர்த்து இன்னும் கீழை இளகிறது. இரண்டாவதை எவ்வளவு நேரம் மேசையிலை வைச்சாலும், இளகத் தொடங்கிற நிலையிலையே அது 0 க்குக் கீழைதான். ஐஸ்கிறீம் கொண்டு போறதுக்கு நல்லது. எந்த வகை எண்டு பக்கிலை எழுதியிருக்கேல்லை எண்டால் உங்கடை கருவியை அதோடை கட்டி வைச்சுப் பாருங்கோ, எங்கை கனநேரம் அசையாமல் நிக்குதோ அதுதான் அதின்ரை இளகல். முடிஞ்சால் வெறும் தண்ணிப் பக்கையே பாவியுங்கோ.

கோண்டாவில் தம்பி | 08.03.2025, காலை 9.50

பக் கிக் எல்லாம் எதுக்கு? நான் சென்னையிலை வேலை செய்த லாப்பிலை டிரை ஐஸ் போட்டுத்தான் அனுப்புறது. இரண்டு நாள் தாங்கும். ரியூப், போத்தல், ஐஸ் எல்லாத்தையும் ஒரு தடிச்ச சிப் பையிலை போட்டு இறுக்கி மூடி, றிஜிபோமை ரேப்பாலை காத்துப் போகாமல் ஒட்டினால், சாம்பிளுக்குக் கேக்கிற மூண்டு படைப் பாதுகாப்பும் முழுசா வந்திடும்.

பழைய ஆய்வுகூடம் | 08.03.2025, மதியம் 1.30

தம்பி, அதை உப்பிடிச் செய்தால் ஒரு நாள் வெடிக்கும். விளையாட்டில்லை.

டிரை ஐஸ் உருகித் தண்ணி ஆகிறேல்லை, நேர வாயுவா மாறும். காத்துப் போகாமல் ஒட்டின பெட்டிக்குள்ளை அந்த வாயு எங்கை போகும்? பெட்டி பிளக்கும். அதாலைதான் டிரை ஐஸ் எப்பவும் ரியூப் இருக்கிற போத்தலுக்கு வெளியிலை, வெளிப்பெட்டியிலை வாயு போக வழி விட்டு, டிரை ஐஸுக்குரிய யூ.என். 1845 எண்ட அடையாளமும் நிறையும் எழுதி அனுப்புறது. மூடின வான் எண்டால் ரைவரும் மூச்சு விட வேணும்.

அது மைனஸ் 78 பாகை. உறைய வைச்சு அனுப்ப வேண்டிய சாம்பிளுக்கு நீர் சொல்லுறது சரி. முழு இரத்தத்துக்கு அது கொலை. தங்கச்சியின்ரை பிரச்சினை குளிர் காணாமல் வந்ததில்லை, கூடி வந்தது.

ஐஸையும் ரியூபையும் ஒரே பைக்குள்ளை போடுறதும் பிழை. பக் வேர்க்கும், சில நேரம் ஒழுகும். ரியூபிலை ஒட்டின பெயர்த்துண்டு கழண்டு தண்ணியிலை மிதக்கும். கொழும்பிலை திறக்கிற பிள்ளை பைக்குள்ளை ஈரத்தைக் கண்டால், அது ஐஸ் தண்ணியோ சாம்பிள் ஒழுகினதோ எண்டு எப்பிடித் தெரியும்? ஒழுகினது எண்டுதான் எடுக்க வேணும். போத்தலுக்குள்ளை இருக்க வேண்டியது ரியூபும், உள்ளை இருக்கிற எல்லாம் கொட்டினாலும் உறிஞ்சிற அளவுக்குப் பஞ்சும் மட்டும்தான். ரியூபுகள் ஒண்டோடை ஒண்டு முட்டாமல் தனித்தனியாச் சுத்தியிருக்க வேணும்.

கோண்டாவில் தம்பி | 08.03.2025, பிற்பகல் 2.11

நான் அனுப்பினது உறைஞ்ச சீரம்தான். அதை மறந்து போனன். வெடிக்கேல்லை எண்டதையும் பதிவு செய்யிறன்.

வடமராட்சி எம்.எல்.டி. | 08.03.2025, இரவு 8.05

ஆளின்ரை விபரம் எழுதின படிவம் எங்கை வைக்கிறது? இஞ்சை ரியூபைச் சுத்தித்தான் கட்டி வைக்கிறவை, பஞ்சுக்குப் பதிலா எண்டும் ஒரு நினைப்பு.

பழைய ஆய்வுகூடம் | 08.03.2025, இரவு 9.00

ரியூபோடை வைச்சால் ஒழுகேக்கை முதலிலை போறது ஆளின்ரை பெயர்தான். பிறகு மிச்ச சாம்பிளையும் ஆரின்ரை எண்டு சொல்லேலாது. படிவம் தனிப் பிளாஸ்டிக் பையிலை, போத்தலுக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையிலை. கையுறை போட முதலே அவை வாசிக்கக் கூடியதா இருக்க வேணும். சொறி வந்த திகதியும் இரத்தம் எடுத்த திகதியும் எழுதாமல் விடாதேங்கோ. அது இல்லாமல் வாற முடிவை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

நாச்சிமார் கோயிலடி | 09.03.2025, காலை 10.22

உங்கை கதைக்கிறதைப் பாத்துக் கேக்கிறன். எங்கடை அயலிலை ஒரு நாய் மூண்டு பேரைக் கடிச்சுப் போட்டுச் செத்துப் போச்சு. தலையை கொழும்புக்கு அனுப்ப வேணுமாம். ஃபோமலின் போத்தல் ஒண்டு வைச்சிருக்கிறன், அதுக்குள்ளை போட்டால் காணுமோ?

பழைய ஆய்வுகூடம் | 09.03.2025, காலை 10.40

போடாதேங்கோ ஐயா! விசர்நாய்ச் சோதனைக்கு பச்சை மூளை வேணும், வழமையான சோதனையை ஃபோமலின் கெடுத்துப் போடும். நீங்களா தலையை வெட்டவும் வேண்டாம். மிருக வைத்தியரை இல்லாட்டி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.யைக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் ஆரும் வெறுங்கையாலை தொடாமல், ஒழுகாத இரண்டு பைக்குள்ளை போட்டு, சுத்தி ஐஸ் வையுங்கோ. இந்தச் சாம்பிள் உறைஞ்சாலும் பெரிய மோசம் இல்லை, இளகும்வரை சுணங்கும், அவ்வளவுதான்.

கடிபட்ட மூண்டு பேரும் கடிகாயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியிலை 15 நிமிசம் கழுவி, இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். முடிவு வரட்டும் எண்டு இருக்கக் கூடாது.

நாச்சிமார் கோயிலடி | 09.03.2025, காலை 11.15

இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போட்டினம். மற்றவர் தான் வைரவருக்கு நேர்ந்திட்டன் எண்டு நிக்கிறார்.

தடுப்பூசி நேர்ஸ் | 09.03.2025, காலை 11.19

வைரவரின்ரை வாகனமே நாய்தான், அவர் ஆரின்ரை பக்கம் நிப்பார் எண்டு கேளுங்கோ. பகிடி விட்டிட்டு ஆளை இழுத்துக்கொண்டு போங்கோ.

சுன்னாகம் பார்சல் | 10.03.2025, இரவு 7.33

என்ரை பக்கக் கதையையும் கேளுங்கோ. ஆஸ்பத்திரியாலை பெட்டி கொண்டு வருவினம், "மருந்து" எண்டு சொல்லுவினம். நாங்கள் மருந்து எண்டு நினைச்சு சூட்கேசுகளுக்குக் கீழை அடுக்குவம். அது நோய்ச் சாம்பிள் எண்டு ஒரு நாள் ஒராள் சொல்லித்தான் தெரியும். பயம் இல்லை எண்டால் ஏன் ஒளிக்கிறியள்? இனி வாங்க மாட்டன் எண்டு நிக்கிறன்.

வடமராட்சி எம்.எல்.டி. | 10.03.2025, இரவு 8.20

அண்ணை சொல்லுறது நியாயம். நாங்கள் அனுப்பினதிலையும் வெளியிலை ஒரு அடையாளமும் இருக்கேல்லை.

பழைய ஆய்வுகூடம் | 10.03.2025, இரவு 9.45

மெத்தச் சரி. பெட்டியிலை சாய்சதுரம் போட்டு யூ.என். 3373 எண்டு இருக்க வேணும். ஒவ்வொரு பக்கமும் குறைஞ்சது 50 மில்லிமீற்றர். பக்கத்திலை பி வகை உயிரியல் பொருள் எண்டு ஆங்கிலத்திலை எழுதி, அனுப்புறவர், வாங்கிறவர் முகவரியும் போன் இலக்கமும். வெளிப்பெட்டி விறைப்பா இருக்க வேணும், கட்டின பொதி 1.2 மீற்றர் உயரத்திலை இருந்து விழுந்தாலும் உள்ளை ஒழுகக் கூடாது. றிஜிபோம் மட்டும் எண்டால் மூலை விழுந்து பிளந்திடும், அதுக்கு மேலை காட்போட் வேணும் எண்டது அதுக்குத்தான்.

சின்னமுத்து இரத்தம் பி வகை. எபோலா மாதிரிச் சாம்பிள் ஏ வகை, அதுக்கு வேறை பெட்டி, வேறை சட்டம். அது உங்கடை பஸ்ஸுக்கு வராது அண்ணை.

சுன்னாகம் பார்சல் | 10.03.2025, இரவு 10.02

"வராது" எண்டு ஆர் உத்தரவாதம்? நீங்கள் நல்ல மனுசன், மற்றவையும் உங்களை மாதிரியோ? சனம் இருக்கிற பஸ்ஸிலை உது போகலாமோ எண்டதுக்கு எழுத்திலை ஒண்டு காட்டுங்கோ, வாங்கிறன்.

தடுப்பூசி நேர்ஸ் | 11.03.2025, காலை 8.00

ஆஸ்பத்திரி வாகனம் கொழும்புக்குப் போற நாளிலை அதிலை விடுறதுதான் ஒழுங்கு. பஸ் கடைசி வழி.

கோண்டாவில் தம்பி | 11.03.2025, காலை 8.25

வாகனம் போற நாள் வரை சாம்பிள் காத்துக்கொண்டு இருக்குமோ? 2024 டிசம்பரிலை எலிக்காய்ச்சல் வந்த நேரம் அப்பிடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைக் கேட்டால் சரியாக் கட்டின பெட்டி பஸ்ஸிலை போகலாம்.

சுன்னாகம் பார்சல் | 11.03.2025, காலை 8.31

உம்மை ஆர் கேட்டது? டிரை ஐஸ் வெடிக்கேல்லை எண்டு எழுதின ஆள்தானே நீர்.

வடமராட்சி எம்.எல்.டி. | 14.03.2025, இரவு 9.10

பிள்ளையளிட்டைத் திரும்ப இரத்தம் எடுத்தாச்சு. ஒரு தாய் கோவத்திலை "முந்தி எடுத்ததை என்ன செய்தனியள்" எண்டு கேட்டா. நியாயமான கோவம். சொறி வந்து 28 நாளுக்குள்ளை எண்டதாலை இன்னும் காலம் கிடந்தது. முதல் மூண்டு நாளுக்குள்ளை எடுத்தால் சிலருக்கு நெகட்டிவ் எண்டு வரும் எண்டதாலை, இரண்டாவது தரம் எடுத்தது ஒரு விதத்திலை நல்லதுக்குத்தான்.

சென்ரிஃபியூஜ் திருத்தியாச்சு. இரத்தம் தானாக் கட்டியாக அரை மணித்தியாலம் விட்டு, பத்து நிமிசம் சுத்தி, சீரத்தை றப்பர் வளையம் உள்ள திருகுமூடிக் குழாய்க்கு மாத்தினன். சீரம் தனிய எண்டால் வழியிலை தற்செயலா உறைஞ்சாலும் சிவப்பணு இல்லை, வெடிக்க ஒண்டும் இல்லை. எண்டாலும் பக்கைச் சத்தம் கேக்கும்வரை வைச்சுத்தான் கட்டினன். வியாழன் பின்னேரம் கட்ட இருந்ததை நிப்பாட்டிப் போட்டன். வெள்ளி விடியப் போய் இறங்கி, பஸ் சுணங்கி, வாங்கிற ஆள் வீட்டை போட்டார் எண்டால் சனி ஞாயிறு பெட்டி ஆரின்ரையோ மேசைக்குக் கீழை கிடக்கும். சீரம் 4 இலிருந்து 8 பாகைக்குள்ளை ஏழு நாள் தாங்கும், அதாலை எங்கடை பிறிட்ஜிலை இருக்கட்டும். ஞாயிறு இரவு ஆஸ்பத்திரி வாகனம் போகுது. அனுப்ப முதல் போன் அடிச்சு வாங்கிறவரின்ரை பெயரைக் கேட்டு பெட்டியிலை எழுதியாச்சு.

தீவுப்பக்கம் | 15.03.2025, காலை 6.50

கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். நெடுந்தீவிலை இருந்து படகிலை குறிகட்டுவான், அங்கையிருந்து பஸ். காத்து எழும்பினால் படகும் இல்லை. எங்களிட்டை சென்ரிஃபியூஜ் இல்லை. நாங்கள் என்ன செய்யிறது?

பழைய ஆய்வுகூடம் | 15.03.2025, காலை 7.40

சென்ரிஃபியூஜ் இல்லாமலும் சீரம் எடுக்கலாம். உள்ளை மருந்து ஒண்டும் சேர்க்காத வெறும் ரியூபிலை எடுத்து, இரத்தம் கட்டியான பிறகு பிறிட்ஜிலை நிமித்தி வையுங்கோ. கதவுத் தட்டிலை வேண்டாம், திறந்து பூட்ட ஆடும். பிறீசரிலை வேண்டவே வேண்டாம். இரத்தக் கட்டி தானாச் சுருங்கி, மேலை மஞ்சளாத் தெளிஞ்சு நிக்கும். 24 மணித்தியாலத்துக்கு மேலை விடாதேங்கோ. பிறகு மேலை இருக்கிறதை மட்டும் வேறை குழாய்க்கு மெல்ல மாத்துங்கோ. படகு ஏற முதல் மாத்த வேணும், பிறகில்லை. முழு இரத்தம் படகிலை ஆடினால் சுன்னாகத்து அண்ணை முதல் நாள் சொன்னது சரியாப் போயிடும்.

சுன்னாகம் பார்சல் | 15.03.2025, காலை 7.44

இதை ஸ்கிறீன்சொட் எடுத்து வைச்சிருக்கிறன்.

தீவுப்பக்கம் | 15.03.2025, காலை 8.02

சரிச்சு ஊத்தலாமோ?

பழைய ஆய்வுகூடம் | 15.03.2025, காலை 8.10

ஊத்த வேண்டாம், கட்டியும் சேர்ந்து வரும். கிருமி நீக்கின ஒரு தரம் பாவிக்கிற பிளாஸ்டிக் பிப்பெட் இருந்தால் அது. கட்டிக்கு ஒரு விரல்கடை மேலையே நிப்பாட்டுங்கோ. அடியிலை கொஞ்சச் சீரம் மிஞ்சினால் மிஞ்சட்டும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பிறிட்ஜ் கறன்ட் போறது உங்கை எப்பிடி?

தீவுப்பக்கம் | 15.03.2025, காலை 8.31

போகும். ஜெனரேற்றர் கிடக்கு, டீசல் இருக்கிற நாளிலை.

தடுப்பூசி நேர்ஸ் | 15.03.2025, காலை 8.40

அப்ப கறன்ட் போனால் பிறிட்ஜைத் திறக்காதேங்கோ. கீழ்த் தட்டிலை தண்ணிப் போத்தல்கள் நிரப்பி வைச்சால் குளிர் கனநேரம் நிக்கும். தடுப்பூசி பிறிட்ஜிலை மட்டும் சாம்பிள் வைச்சிடாதேங்கோ, பெட்டிக்குச் சொன்னதுதான் அதுக்கும்.